சேலத்துக்குப் போன இரண்டாவது பெட்டி

சென்னிமலையில் என் பெரியப்பா மகனுக்கு பெட்ஷீட் கடை. தறிக்காரர்களிடம் எடுத்து, கடையிலும் இணையத்திலும் விற்கிறார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பில் போடுவது, பார்சல் அனுப்புவது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. ஆர்டர் எடுப்பவர் அண்ணன், துணியை எண்ணிக் கட்டுபவர் ஓர் அக்கா. ஒரு மழைக்கால ஆர்டரில் நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த தவற்றைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

ஆர்டர் கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்தும் ஓர் அம்மாவிடமிருந்து வந்தது. டபுள் பெட்ஷீட் 24, தலையணை உறை 48. பெட்ஷீட் ஒன்று 650 ரூபாய், உறை 90 ரூபாய். இரண்டும் சேர்த்து 19,920. அதன் மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 996 ரூபாய். ஆக பில் 20,916 ரூபாய். 10,000 முன்பணமாக வந்திருந்தது. விடுதிக்கு ஜி.எஸ்.டி. பதிவு உண்டு, அதனால் பில் ஒழுங்காக வேண்டும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

சரக்கு ஒரே பெட்டியில் அடங்கவில்லை. மெரூன் கரை போட்ட 14 பெட்ஷீட்டும் 48 உறையும் ஒரு பெட்டியில் போயின. நீலக் கட்டம் போட்ட 10 பெட்ஷீட் இன்னொன்றில். இரண்டுமே பழைய பெட்டிக் கடையில் வாங்கியவை. முதல் பெட்டியின் மேலே பில்லை மடித்து வைத்தேன். இரண்டாவதில் எதுவும் வைக்கவில்லை. ஒரு ஆர்டருக்கு ஒரு பில், அது முதல் பெட்டியில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். முகவரியை ஏ4 தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்து, வெட்டி, பெட்டியின் மேல் மடிப்பு சேரும் இடத்தில் செலோடேப்பால் ஒட்டினேன். கூரியரில் இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரே எண் போட்டுக் கொடுத்தார்கள். ரசீதில் ‘2 உருப்படி, 25.9 கிலோ’ என்று இருந்தது.

நான்காம் நாள் அந்த அம்மா போன் செய்தார். 24 பெட்ஷீட்டுக்குப் பில் போட்டு 14 அனுப்பியிருக்கிறீர்களே என்றார். குரலில் கோபத்தைவிட ஏமாந்துவிட்டோமோ என்ற சந்தேகம் அதிகம் இருந்தது. இரண்டு பெட்டி அனுப்பியதாக நான் சொன்னபோது, ‘எனக்கு எப்படிங்க தெரியும்? பெட்டியிலயும் போடலை, பில்லுலயும் போடலை’ என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வந்த பெட்டிக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கூரியரின் பக்கத்தைத் திறந்தால் அந்த ஒற்றை எண்ணுக்கு நேரே `Delivered` என்று வந்தது. ஒரு பெட்டி கொடுத்ததுமே முழு எண்ணையும் முடித்துவிட்டார்கள். கணினியைப் பொறுத்தவரை காணாமல் போனது எதுவுமே இல்லை.

இரண்டு நாள் கழித்து, கிடைக்காத 10 பெட்ஷீட்டுக்கு கிரெடிட் நோட் கேட்டார், அதாவது அந்தத் தொகையைப் பில்லில் இருந்து குறைத்து எழுதித் தரும் காகிதம். 6,500 ரூபாயும் அதற்கான வரி 325-ம் சேர்ந்து 6,825. கேட்டது நியாயம்தான். ஆனால் கிரெடிட் நோட் கொடுத்த பிறகு பெட்டி கிடைத்தால், அந்தப் பத்துக்கும் புதிதாக ஒரு பில் போட வேண்டும். இரண்டு பக்கக் கணக்கிலும் ஒரே சரக்கு மூன்று காகிதங்களில் ஏறி இறங்கும். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அண்ணன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

பதினோராம் நாள் கூரியரின் சேலம் கிடங்கிலிருந்து போன் வந்தது. மேலே முகவரி இல்லாத ஒரு பெட்டி கிடந்ததாகச் சொன்னார்கள். மேலே இருந்த எங்கள் தாள் மழையில் ஊறி, மடிப்போடு கிழிந்து போயிருந்தது. பக்கவாட்டில் மட்டும் ஒரு பழைய ஸ்டிக்கர். அந்தப் பெட்டி முந்தைய பிறவியில் எதற்கோ சேலத்துக்குப் போனது, அந்த முகவரி. வேறு முகவரி இல்லாததால் யாரோ அதைப் பார்த்துச் சேலத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்த கடைக்காரர் ‘இது நம்முடையது இல்லை’ என்று திருப்பிவிட, பெட்டி கிடங்கில் ஒதுங்கியிருக்கிறது. நாங்கள் கொடுத்த புகாரை வைத்துக்கொண்டு, ஒதுங்கிக் கிடந்த பெட்டிகளை ஒருவர் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

‘உள்ளே ஒரு காலண்டர் தாள் இருக்குதுங்க. பின்னாடி 10 நீலக் கட்டம், கொடைக்கானல்னு எழுதியிருக்கு. உங்களுதா?’

எங்களுடையதுதான். அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணி முடித்ததும் தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் கணக்கை எழுதி, கட்டின் மேல் செருகி வைப்பார். பெட்டியில் போடும்போது நான் அதை எடுத்துக் கசக்கிப் போட்டுவிடுவேன், பார்க்க நன்றாக இல்லை என்று. அன்று அவசரத்தில் ஒன்றை எடுக்க மறந்துவிட்டேன். பேக்கிங் ஸ்லிப் என்றால் என்னவென்று தெரியாமலே அக்கா ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். தெரிந்த நான் அதைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டி பதினான்காம் நாள் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தது. கிரெடிட் நோட் தேவைப்படவில்லை. மீதி 10,916 ரூபாயும் வந்துவிட்டது. இனி எங்கே தவறினோம் என்று பார்க்கலாம்.

எங்கள் மூல தவறு, பில்லே எல்லா வேலையும் செய்துவிடும் என்று நினைத்ததுதான். பில்லைப் படிப்பவர் கணக்கு எழுதுபவர். எவ்வளவுக்கு விற்றோம், எவ்வளவு வரி, யாருடைய ஜி.எஸ்.டி. எண் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். சரக்கு எத்தனை பெட்டியில் போனது என்பது அவருக்கு வேண்டாத சேதி, பில்லில் அதற்கு இடமும் கிடையாது. பெட்டியைப் பிரித்து எண்ணுகிறவர் வேறு ஆள், விடுதியில் துணி துவைக்கும் பொறுப்பில் இருப்பவராகக்கூட இருக்கலாம். விலை அவருக்குத் தேவையில்லை. இந்தப் பெட்டியில் என்ன, மொத்தத்தில் என்ன, இன்னும் ஏதாவது வரவேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்வது பேக்கிங் ஸ்லிப். வெளியே ஒட்டும் லேபிளைப் படிப்பவர்களுக்கோ உள்ளே என்ன இருந்தாலும் ஒன்றுதான். எங்கே போக வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் எங்கே திரும்ப வேண்டும், இதோடு சேர்ந்தது இன்னும் உண்டா, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும்.

இப்போது எங்கள் ஸ்லிப் இப்படி இருக்கிறது. கொடைக்கானல் ஆர்டரின் இரண்டாவது பெட்டிக்கு எழுதியிருந்தால்:

```
ஆர்டர் 318     பில் 712     பெட்டி 2/2
பெறுநர்  : பெயர், முழு முகவரி, பின்கோடு, போன்
அனுப்புநர்: கடை, முழு முகவரி, பின்கோடு, போன்
இந்தப் பெட்டியில்:
  டபுள் பெட்ஷீட், நீலக் கட்டம்      10
மொத்த ஆர்டர்:
  பெட்ஷீட் 24   (பெட்டி 1: 14, பெட்டி 2: 10)
  உறை    48   (பெட்டி 1)
எடை 9.3 கிலோ     எண்ணியவர் ______
பில் பெட்டி 1-ல் உள்ளது
```

ஸ்லிப்பில் எதற்கு முழு முகவரி, வெளியேதான் இருக்கிறதே என்று அண்ணன் கேட்டார். வெளியே இருப்பது போய்விட்டால் பெட்டிக்கு மிஞ்சும் ஒரே முகவரி இதுதான். தபாலிலும் இதே கதைதான். சேரவும் முடியாமல் திரும்பவும் வழியில்லாமல் நிற்கும் பார்சலைக் கடைசியில் அதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், உள்ளே யாருடைய முகவரியாவது கிடைக்குமா என்று. சேலத்தில் பிரித்தவருக்குக் கிடைத்தது ‘கொடைக்கானல்’ என்ற ஒரு சொல் மட்டும். நாங்கள் புகார் கொடுத்திராவிட்டால் அதை வைத்து அவர் எங்கே தேடியிருப்பார்?

‘மொத்த ஆர்டர்’ என்ற பகுதியை எல்லாப் பெட்டியிலும் முழுதாக அச்சிடுகிறோம். எந்தப் பெட்டி முதலில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எது முதலில் போனாலும் பிரிப்பவருக்கு மற்றது உண்டு என்று தெரிய வேண்டும். எடையையும் பெட்டிவாரியாக எழுதுகிறோம். அன்று ரசீதில் 25.9 என்று மொத்தமாக மட்டும் இருந்ததால், காணாமல் போனது எத்தனை கிலோ பெட்டி என்று கூரியர்காரர் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. 9.3 என்று உடனே சொல்லியிருந்தால் தேடல் சுருங்கியிருக்கும்.

விலையை ஸ்லிப்பில் போடுவதே இல்லை. ஒருவர் பணம் கட்டி இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பச் சொல்லும் ஆர்டர்கள் மாதம் நாலைந்து வருகின்றன. அவற்றுக்குப் பெட்டியில் ஸ்லிப் மட்டும் போகும், பில் வாங்கியவருக்கு மின்னஞ்சலில் போகும்.

ஸ்லிப்பால் முடியாததும் உண்டு. அது நாமே எழுதிய காகிதம். பத்து என்று எழுதிவிட்டு ஒன்பது வைத்தால் அது ஒன்பதுதான். அதனால் பெட்டியை மூடும் முன் தராசின் மேலேயே வைத்து, ஸ்லிப்பும் துணியும் எடையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடுகிறேன். வாடிக்கையாளரிடம் வாதாட அதை எடுத்ததில்லை. நாமே சரியாக வைத்தோமா என்று ராத்திரி சந்தேகம் வந்தால் பார்ப்பதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

அடுத்து லேபிள். அன்றைய லேபிளில் நான்கு தவறுகள் இருந்தன, எழுத்தில் ஒன்று, ஒட்டியதில் மூன்று.

எழுத்தில் இருந்த தவறு, பெட்டி எண் இல்லாதது. ‘1/2’, ‘2/2’ என்று பெரிய எழுத்தில் இருந்திருந்தால் கொடுக்க வந்த பையனே இன்னொன்று எங்கே என்று கேட்டிருப்பான். அந்த அம்மாவும் கையெழுத்துப் போடும்போது ‘ஒன்றுதான் வந்தது’ என்று எழுதியிருப்பார். கூரியர் ஒரே எண் கொடுத்தாலும், பெட்டிக்கு ஓர் எண் கொடுத்தாலும் நம் கணக்குக்கு இதை நாம்தான் எழுத வேண்டும்.

ஒட்டியதில் முதல் தவறு இடம். மேல் மடிப்பு சேரும் கோட்டின் மேல் ஒட்டினால், பெட்டியைத் தூக்கி இறக்கும்போது மடிப்பு அசையும், தாள் அந்தக் கோட்டிலேயே கிழியும். பிரிப்பவர் கத்தி போடுவதும் அங்கேதான். பெரிய முகத்தில் முழுதாகத் தட்டையாக இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். பார்கோடு இருந்தால் அது பெட்டியின் விளிம்பில் மடங்கவே கூடாது, மடங்கினால் ஸ்கேனர் படிக்காது.

இரண்டாவது மை. எங்கள் இங்க்ஜெட் பிரிண்டரின் மை தண்ணீர் பட்டால் கரையும். அன்று முதல் பெட்டியின் லேபிள் பிழைத்தது, தாளை முழுவதும் மூடி டேப் ஒட்டியிருந்ததால்தான். இரண்டாவதுக்கு டேப் தீர்ந்து, நாலு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தேன். இப்போது கூரியரின் லேபிளை 100-க்கு 150 மில்லிமீட்டர் தெர்மல் ஸ்டிக்கரில் அடிக்கிறோம். அதில் மையே இல்லை. சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அச்சான பிறகும் சூடு பட்டால் அந்த இடமும் கறுக்கும். ஒரு நாள் டீ பிளாஸ்கை ஸ்டிக்கர் மேல் வைத்து, வட்டமாகக் கறுத்து, பார்கோடு பாழானது. டேப்பை அதன் மேல் முழுக்க ஒட்டுவதும் நல்லதல்ல. சில டேப்பின் பசை நாள்பட எழுத்தை மங்கச் செய்யும், பளபளப்பில் ஸ்கேனர் ஒளி தெறிக்கும். ஓரத்தில் மட்டும் டேப் போடுகிறோம், பார்கோடு வெறுமையாக இருக்கும்.

பிரிண்ட் கொடுக்கும்போது `Fit to page` என்பதை விட்டு `Actual size` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்துக்குப் பொருந்தச் சுருக்கினால் பார்கோட்டின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும்.

மூன்றாவது அந்தச் சேலம் ஸ்டிக்கர். எங்களைக் கெடுத்தது உண்மையில் அதுதான். முகவரியே இல்லாத பெட்டி கிடங்கிலேயே நின்றிருக்கும், தவறான முகவரி இருந்ததால் ஊர் சுற்றியது. பழைய பெட்டி வாங்குவதை நாங்கள் விடவில்லை, சின்னக் கடைக்கு அதுதான் கட்டுபடியாகும். ஆறு முகத்தையும் திருப்பிப் பார்த்து, பழைய முகவரியையும் பார்கோடையும் கிழிக்க வேண்டும், கிழியாததை மார்க்கரால் அடிக்க வேண்டும். இந்த வேலை இப்போது அக்காவிடம். என்னைவிட அவருக்குக் கண் கூர்மை.

லேபிளில் எழுதாமல் விட்டவையும் உண்டு. முன்பு ‘பெட்ஷீட் 24, ரூ. 20,916’ என்று வெளியே எழுதுவோம், ஏதோ பாதுகாப்பு என்று நினைத்து. எடுத்துப் போக நினைப்பவனுக்கு அது விலைப்பட்டியல். இப்போது பொருளும் விலையும் வெளியே இல்லை. கூரியர்காரர் கேட்டால் அவருடைய படிவத்தில் சொல்கிறோம். கொடுக்கும்போது பணம் வாங்கும் பார்சல் என்றால் மட்டும் வாங்க வேண்டிய தொகை லேபிளில் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வாசலில் தகராறு. பெறுநர் போன் எண் ஒன்று போதும். ஆனால் அது போனை எடுப்பவருடைய எண்ணாக இருக்க வேண்டும். விடுதி என்றால் முதலாளி எண்ணைவிட அங்கே இருப்பவர் எண் நல்லது. முகவரியில் கொடைக்கானல் 624101 என்று ஊரும் பின்கோடும் தனி வரியில், மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. கிடங்கில் பிரிக்கும் ஆள் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அனுப்புநர் முகவரி சென்னிமலை 638051 என்பதுவரை முழுதாக, ஆனால் சின்ன எழுத்தில், கீழே இடப்பக்கம். இரண்டும் ஒரே அளவில் இருந்ததால் எங்களுக்கே திரும்பி வந்த பார்சலும் ஒன்று உண்டு.

பில் விஷயத்தில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்குக்கான பில் மூன்று பிரதி. முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது ஏற்றிச் செல்பவருக்கு, மூன்றாவது நமக்கு. வண்டியில் போகும் சரக்குக்கு பில் வண்டியில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் டேப் போட்டு மூடிய பில்லை வழியில் யாரும் பார்க்க முடியாது. ஆகவே வாங்குபவரின் பிரதி உள்ளே போகட்டும், ஏற்றுபவரின் பிரதியைப் புக்கிங் கவுண்டரில் கையில் கொடுக்க வேண்டும், அல்லது பெட்டியின் வெளியே ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும். நான் கையில் கொடுப்பேன். உறையில் வைத்தால், விலை வெளியே தெரியக் கூடாது என்று லேபிளில் செய்ததெல்லாம் வீணாகும். பெரிய தொகைச் சரக்கை ஏற்றிச் செல்ல இணையத்தில் எடுக்க வேண்டிய சீட்டு இ-வே பில். எங்கள் பில் தமிழ்நாட்டுக்குள் அது வேண்டிய ஒரு லட்ச ரூபாய் வரம்புக்கு வெகு கீழே. கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போனால் வரம்பு 50,000, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே போகும் பில்லை பாலித்தீன் உறையில் போட்டு, துணியின் மேலே, திறந்தவுடன் கண்ணில் படும்படி வைக்கிறோம். உறை இல்லாமல் வைத்த பில்லின் மை ஈரத்தில் இறங்கி, வெள்ளைத் தலையணை உறையில் எங்கள் கடைப் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாகப் பதிந்தது ஒரு முறை.

இரண்டு பெட்டியும் ஒரே நாளில் போனால் மேலே சொன்னது போதும். ஒன்று இன்றும் ஒன்று அடுத்த வாரமும் போனால் கதை வேறு. தவணையாகப் போகும் சரக்குக்கு முழு பில்லை முதல் தவணைக்கு முன்பே போட வேண்டும். பிந்தைய தவணை ஒவ்வொன்றுக்கும் அந்த பில் எண்ணைக் குறிப்பிட்டு, சரக்கோடு போகும் சீட்டான டெலிவரி சலான் போட வேண்டும். ஒவ்வொரு தவணையோடும் சலானும் பில்லின் சான்றிட்ட நகலும் போகும், அசல் பில் கடைசித் தவணையோடு போகும். பில்லை முதல் பெட்டியில் வைக்கும் எங்கள் பழக்கத்துக்கு இது நேர் எதிர். தறியில் இருந்து மீதி வரட்டும் என்று காத்திருக்கும் ஆர்டர்களுக்கு இதை நினைவில் வைக்க, ஸ்லிப்பின் கடைசி வரியை அச்சிடாமல் கையால் எழுதுகிறேன்.

இவ்வளவும் மாற்றிய இரண்டாவது மாதமே ஒரு சறுக்கல். ஒரே மாலையில் கோவைக்கும் மதுரைக்கும் இரண்டு பார்சல். ஒரே அளவுப் பெட்டி, ஒரே மேசை. ஸ்லிப் இரண்டையும் லேபிள் இரண்டையும் சேர்த்து அடித்து வைத்துவிட்டேன். கோவை பெட்டிக்குள் கோவை ஸ்லிப், கோவை துணி, எல்லாம் சரி. மேலே மதுரை லேபிள். படம் எடுத்திருந்தோம், ஆனால் படத்தில் லேபிள் இல்லை. மூடிய பிறகுதானே ஒட்டுகிறோம். மதுரைக்காரர் பிரித்து, உள்ளே கோவை முகவரியோடு ஸ்லிப் இருப்பதைப் பார்த்து, அதிலிருந்த எங்கள் எண்ணுக்கு அன்றைக்கே போன் செய்தார். இரண்டையும் மாற்றிக் கொடுக்க கூரியர் செலவு இரட்டிப்பானது, ஆனால் நான்கு நாளில் முடிந்தது.

இப்போது ஒரு பெட்டியை டேப் போட்டு, லேபிள் ஒட்டி, மேசையிலிருந்து இறக்கிய பிறகுதான் அடுத்ததன் ஸ்லிப் பிரிண்டரில் இருந்து வரும். ஸ்லிப்பிலும் லேபிளிலும் வலது மேல் மூலையில் ஒரே இடத்தில் ஆர்டர் எண் இருக்கும். பெட்டியை மூடும் முன் அக்கா தன் கையில் இருக்கும் காலண்டர் தாளைப் பார்த்து அந்த எண்ணைச் சத்தமாகப் படிப்பார், நான் லேபிளில் இருப்பதைப் படிப்பேன். அந்தத் தாளை இப்போது ஸ்லிப்போடு பின் அடித்து உள்ளேயே வைத்துவிடுகிறோம்.